‘எல்லாரும்’ என்ற சொல்லை விலக்கி எழுதிய நோட்டுப் புத்தகம்

பினாங்கு பாயான் லெப்பாஸில் உள்ள ஒரு மின்னணுத் தொழிற்சாலையில், தரச் சோதனைப் பிரிவில் பதினொரு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். 2022 அக்டோபரில், சாலிடர் இணைப்பில் குறை இருந்த ஒரு லாட்டை, அதாவது ஒரு தொகுதிப் பொருள்களை, வெளியே போகவிடாமல் நான் ஹோல்டில் போட்டேன். அது என் வேலை, குறையும் உண்மையானதுதான். ஆனால் அந்த மாதம் எங்கள் லைனுக்கு ஊக்கத்தொகை கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு நான் கேண்டீனில் உட்கார்ந்தால் மேசை காலியானது. கேட்ட கேள்விகளுக்குப் பதில் வரவில்லை. எனக்கு வரவேண்டிய தகவல்கள் வழியிலேயே நின்றன.

தனித்தனியாகப் பார்த்தால் இவற்றில் ஒன்றுகூட புகார் செய்யும் அளவுக்குப் பெரியதல்ல. பகடிவதையைக் கூட்டாகச் செய்யும்போது வரும் சிக்கலே இதுதான்: ஒவ்வொருவரும் கொஞ்சமாகத்தான் செய்கிறார்கள், வாங்குபவருக்கு மட்டுமே அது மொத்தமாக வந்து சேர்கிறது. ஹைன்ஸ் லேமன் என்ற உளவியலாளர் சுவீடனில் 1980களில் இதை ஆராய்ந்தபோது, வாரம் ஒரு முறையாவது, குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்தால்தான் அதை ‘மாபிங்’ என்று கணக்கிட்டார். வேலையிடத்தில் எழும் ஒரு பிணக்கிலிருந்துதான் அது பெரும்பாலும் தொடங்குகிறது என்றும் சொன்னார். என்னுடையது அந்த லாட்டிலிருந்து தொடங்கியது.

மூன்று மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, 2023 ஜனவரியில், தொழிற்சங்கத்தில் நெடுநாள் பொறுப்பில் இருந்த ஓர் அண்ணனைப் பட்டர்வொர்த்தில் போய்ப் பார்த்தேன். நான் எழுதிக் கொண்டுபோன இரண்டு பக்கத்தையும் படித்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: “‘எல்லாரும்’னு ஒன்பது இடத்துல எழுதியிருக்க. எல்லாருக்குமா காரணம் கேட்டுக் கடிதம் அனுப்புவாங்க? கடிதத்துல ஒரு பேர்தான்மா இருக்கும்.”

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் பாலியல் தொல்லைக்கென்று தனிப் பகுதி உண்டு. இப்படிக் கூட்டாக ஒதுக்குவதற்கென்று அதில் தனிப் பகுதி இல்லை. ஆகவே முதலில் நம்ப வேண்டியது நிறுவனத்தின் ஒழுங்கு விதிகளையும் உள்விசாரணையையும்தான். அந்த விசாரணையில், எந்த நாள், எந்த இடத்தில், என்ன செய்தார் என்ற குற்றச்சாட்டு ஒவ்வொருவருக்கும் தனியாகத் தரப்பட வேண்டும். இல்லையேல் அவரால் பதில் சொல்லவும் முடியாது, நிர்வாகத்தால் முடிவெடுக்கவும் முடியாது. கோபத்தில் ராஜினாமாக் கடிதம் எழுதிவிடக் கூடாது என்பதையும் அண்ணன் அப்போதே சொல்லிவிட்டார். வேலையில் இருக்க முடியாதபடி செய்து நிறுவனமே என்னை வெளியேற்றியது, அதாவது மறைமுக வேலைநீக்கம், என்று வாதிட நேர்ந்தால், 1967ஆம் ஆண்டுத் தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி 60 நாள்களுக்குள் மனுச் செய்ய வேண்டும். அந்த வழியை எண்ணிப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றார்.

அன்று வரும் வழியிலேயே கட்டுப் போட்ட ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். தாள் கழற்றக்கூடியது வேண்டாம் என்பது அண்ணனின் கண்டிப்பு. உற்பத்திப் பகுதிக்குள் கைப்பேசி கொண்டுபோக முடியாது என்பதால், இடைவேளையில், நடந்த ஒரு மணி நேரத்துக்குள், கேண்டீனிலோ லாக்கர் அறையிலோ உட்கார்ந்து எழுதினேன். வரிகளுக்கு இடையே இடம் விடவில்லை. தவறை ஒரே கோடால் அடித்து, அடித்தது தெரியும்படி விட்டேன். இரவில் அதையே சுருக்கமாகத் தட்டி என் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொண்டேன். எழுதிய நாள் எது என்பதற்கு அது சாட்சி.

என்ன எழுதுவது என்பதைப் பழகுவதற்குத்தான் நாளாயிற்று. 2023 மார்ச் 14 அன்று நடந்ததை எடுத்துக்கொள்கிறேன். முதலில் நான் எழுதியது இது: “இன்றும் எல்லாரும் சேர்ந்து என்னை மாட்டிவிட்டார்கள். வேண்டுமென்றே சொல்லாமல் விட்டு, கூட்டத்தில் சிரித்தார்கள்.” அதை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன், இங்கே ஆறு பேரின் பெயர்களுக்குப் பதிலாக அ முதல் ஊ வரை எழுத்துகளை இடுகிறேன்: “காலை 6.50. இ, இரவு ஷிஃப்டிலிருந்து எனக்கு ஒப்படைத்தார். இரண்டாம் சோதனைப் பொறி அளவு திருத்தத்துக்கு நிற்கிறது என்று சொல்லவில்லை. ஒப்படைப்புப் புத்தகம் 61ஆம் பக்கத்திலும் அந்த வரி இல்லை. 7.20க்கு லைன் நின்றது, 40 நிமிடம். 8.05 கூட்டத்தில் அ, ‘தூங்கிட்டு வேலைக்கு வந்தா இப்படித்தான்’ என்று மலாயில் சொன்னார். ஆ, அதையே திரும்பச் சொன்னார். ஈ சிரித்தார். உ இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. லைன் லீடர் கேட்டுக்கொண்டிருந்தார், அடுத்த விஷயத்துக்குப் போனார். ஊ இன்று விடுப்பு.” அ சொன்னதை அவர் சொன்ன மலாய்ச் சொற்களிலேயே புத்தகத்தில் எழுதியிருந்தேன். மொழிபெயர்த்து எழுதினால், ‘நான் அப்படிச் சொல்லவில்லை’ என்று அவர் மறுக்க இடம் கிடைத்துவிடும்.

அந்தப் பதிவில் ‘வேண்டுமென்றே’ இல்லை. அதற்கு மேலே நான் எழுதி அடித்த இன்னொரு வரி உண்டு: “அ சொல்லித்தான் இ இதைச் செய்தார், இருவரும் ஒரே கம்பெனி பஸ்ஸில் வருகிறார்கள்.” பஸ் உண்மை, அவர் சொன்னார் என்பது என் ஊகம். ஆகவே ஒவ்வொரு வரிக்கும் ஓரத்தில் ஓர் எழுத்து இட ஆரம்பித்தேன்: நான் கண்டது ‘க’, என் காதால் கேட்டது ‘கே’, பிறர் சொல்லித் தெரிந்தது ‘பி’, சொன்னவர் பெயருடன். ‘முறைத்தார்’, ‘ஏளனமாகப் பார்த்தார்’ போன்றவை இந்த மூன்றிலும் அடங்கவில்லை என்பதால் அவற்றை விட்டுவிட்டு, ‘இரண்டு முறை கேட்டேன், பதில் சொல்லாமல் நடந்துபோனார்’ என்று எழுதப் பழகினேன்.

61ஆம் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளலாமே என்று யாருக்கும் தோன்றும். எடுத்திருந்தால், உற்பத்தி விவரம் அடங்கிய பக்கத்தை வெளியே கொண்டுபோனதாக என் மீதே ஒழுங்கு நடவடிக்கை வந்திருக்கும். பக்க எண்ணையும் தேதியையும் மட்டும் குறித்துக்கொண்டு, பின்னர் புகாரில், ‘இந்தப் பக்கத்தை நிர்வாகமே எடுத்துப் பார்க்கவும்’ என்று எழுதினேன். எடுத்துப் பார்த்தார்கள்.

ஏப்ரலில், லைனின் வாட்ஸ்ஆப் குழுவில் சனிக்கிழமை ஓவர்டைம் பட்டியலைக் கேட்டேன். பதில் இல்லை. நாம் அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்து Message info பார்த்தால், அதை யார் யார் படித்தார்கள் என்று நேரத்துடன் காட்டும். குழுக்களில் இதை யாரும் அணைத்து வைக்க முடியாது. ஆறு பேர் படித்திருந்தார்கள். குழுவைத் திறந்தாலே படித்ததாகக் காட்டும் என்பதால் அதை ‘மௌனம் காத்தனர்’ என்று எழுதாமல், படித்த நேரங்களை மட்டும் எழுதினேன். இரண்டு நாள் கழித்து என்னைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். நான் மனத்துக்குள் அ மீது பழி போட்டேன். ஆனால் திரையில் இருந்தது ஆ என்பவரின் பெயர், பின்னால் removed you என்ற சொற்கள். அதுவரை ஆவை வெறும் எதிரொலி என்று எண்ணியிருந்தேன். அன்றிரவே Export chat வழியாக முழு உரையாடலையும் சேமித்தேன். படமாக எடுத்தவை முன்பின் அறுந்து நிற்கும் என்பதால் அவற்றை மட்டும் நம்பவில்லை.

ஜூன் முடிவில் 26 வாரங்களில் 31 சம்பவங்கள் சேர்ந்திருந்தன. அவற்றை ஒரு பெரிய தாளில் மாற்றினேன்: சம்பவங்கள் கீழ்நோக்கி, ஏழு பேர் குறுக்கே. கட்டத்துக்குள் ‘தொ’ என்றால் தொடங்கியவர், ‘சே’ சேர்ந்துகொண்டவர், ‘பா’ பார்த்துக்கொண்டு இருந்தவர், ‘த’ தடுக்க முயன்றவர், ‘இல்’ அங்கே இல்லாதவர். கடைசி எழுத்துத்தான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. ஊதான் எல்லாவற்றுக்கும் மூளை என்று வீட்டில் புலம்பியிருக்கிறேன். 31இல் 23 முறை அவர் அந்த இடத்திலேயே இல்லை, இருந்த எட்டில் ஒன்றிலும் எதையும் தொடங்கவில்லை. மாறாக, அ இரண்டு வாரம் மருத்துவ விடுப்பில் இருந்தபோது ஒரே ஒரு சம்பவம்தான் நடந்திருந்தது. அவர் திரும்பிய வாரத்தில் நான்கு. இது நிரூபணமல்ல, ஒரு முறை மட்டுமே நிகழ்ந்தது. ஆனால் யாரிடம் முதலில் கேள்வி கேட்க வேண்டும் என்பதைக் காட்டியது.

அந்தத் தாளில் ஒரு தவறும் செய்தேன். ஆளுக்கு எத்தனை என்று கூட்டி அடியில் எழுதினேன். ஈயின் கணக்கு இயைவிட மூன்று மடங்கு வந்தது. ஈ செய்ததெல்லாம் சிரிப்பு. இ ஆறே முறைதான் வருகிறார், ஆறிலும் ஒப்படைப்பில் ஏதோ ஒன்று விடுபட்டு வேலை கெட்டிருக்கிறது. கூட்டலை அடித்துவிட்டு, ஒவ்வொருவருக்கும் ஒரு தனிப் பக்கம் எழுதினேன்: அவர் செய்தது, தேதி, அதனால் வேலைக்கு நேர்ந்தது, சான்று எங்கே இருக்கிறது. லைன் லீடரின் பக்கம் வேறு மாதிரி அமைந்தது. அவர் என்னை ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் பிப்ரவரி 20, ஏப்ரல் 24 ஆகிய இரு நாள்களில் நான் மின்னஞ்சலில் தெரிவித்திருக்கிறேன். தெரிந்த பிறகு அவர் என்ன செய்தார் என்பதே அவர் பங்கு என்பதால், அந்தத் தேதிகளுக்குப் பிறகு அவர் முன்னிலையில் நடந்தவற்றை மட்டும் அங்கே எழுதினேன்.

மே மாதத்தில் ஒருநாள் நான் பொறுக்க முடியாமல் எல்லார் முன்னும் அ மீது கத்திவிட்டேன். அதையும் புத்தகத்தில் எழுதியிருந்தேன், ஒன்றும் நடக்காத நாள்களையும் எழுதியிருந்தேன். விசாரணையில் அ தன் தரப்பாக முதலில் சொன்னது அந்தக் கத்தலைத்தான். மனிதவள அதிகாரி புத்தகத்தைப் புரட்டி, “இவரே எழுதியிருக்கிறார்” என்று அடுத்த கேள்விக்குப் போனார்.

ஜூலையில் கொடுத்த புகாருக்கு முடிவு வர பதினொரு வாரம் ஆனது. அ, ஆ இருவருக்கும் காரணம் கேட்டுக் கடிதம் போய், பிறகு எழுத்துப்பூர்வ எச்சரிக்கை வந்தது. ஒப்படைப்பில் பத்து வரிகள் கொண்ட கட்டாயப் படிவம் வந்தது. இ மறந்துவிட்டதாகச் சொன்னதை நிர்வாகம் ஏற்றுக்கொண்டது, எனக்கு அதில் இன்றும் உடன்பாடில்லை. லைன் லீடருக்கு வாய்மொழி அறிவுரையோடு முடிந்தது. ஊவின் பெயரைப் புகாரில் நான் சேர்க்கவே இல்லை. நானே கேட்டு வேறு லைனுக்கு மாறினேன்.

உவின் பக்கத்தில் பதினான்கு ‘பா’வும், மூன்று ‘த’வும் இருந்தன, அந்த மூன்றும், யாரும் இல்லாதபோது என்னிடம் வந்து விடுபட்ட தகவலைச் சொன்ன நாள்கள். புகார் கொடுத்த வாரத்தில், பஸ் நிறுத்தத்தில், “அக்கா, என் பேருக்கு நேரா என்ன எழுதியிருக்கீங்க?” என்று கேட்டார். பதினேழையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “பதினாலு நாளும் நான் அங்கதான் இருந்தேன்” என்றார். மறுநாள் மனிதவளப் பிரிவுக்குப் போய், தான் பார்த்ததை எழுதிக் கையெழுத்திட்டார்.