ஜின்னிங் மில் படத்திலிருந்து சாரத்தைப் பிரித்த கதை: மேல்மாடி முடிந்தது

அவிநாசிப் பக்கம் எங்கள் மாமா கணக்குப்பிள்ளையாக வேலை பார்த்த பழைய ஜின்னிங் மில்லின் ஆபீஸ் கட்டடம் இப்போது இல்லை, இடித்து பிளாட் போட்டுவிட்டார்கள். முன்பக்கம் முழுசாகத் தெரிகிற மாதிரி என்னிடம் இருப்பது இரண்டே படங்கள்தான். இரண்டும் வெள்ளையடிக்கச் சாரம் கட்டியிருந்த சமயத்தில் எடுத்தவை. மாமா வீட்டுச் சுவரில் மாட்ட 12க்கு 18 அங்குலத்தில் ஒரு பிரிண்ட் வேண்டும், அதில் சாரம் இருக்கக் கூடாது. மேல்மாடியில் வரிசையாக ஆறு ஜன்னல். அதை முடித்துவிட்டேன், கீழ்த்தளம் இன்னும் பாக்கி. எல்லாமே ஜிம்ப் என்கிற படம் திருத்தும் மென்பொருளில்தான் செய்தது.

சாரம் என்றால் சவுக்குக் கம்பு நட்டு, குறுக்குக் கம்பு கட்டி, மேலே பலகை போட்டது. படத்தைப் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தபோது ஒன்று பிடிபட்டது. மொத்தத்தையும் ஒரே மாதிரி அழிக்கப் போனால் வீண் வேலை. நட்டுக்குத்தலாக நிற்கிற கம்புக்குப் பின்னால் இருக்கும் சுவர் இன்னொரு படத்தில் கிடைக்கலாம். கம்பின் நிழல் விழுந்த இடத்தில் சுவர் அப்படியே இருக்கிறது, இருட்டாக இருக்கிறது, அவ்வளவுதான். படுக்கையாகப் போட்ட பலகைக்குப் பின்னால் இருப்பதைத்தான் நாமே கட்ட வேண்டும்.

முதலில் நட்டுக்குத்தல் கம்பு. ஒரு படம் கட்டடத்துக்கு நேர் நடுவில், மூன்றாவது ஜன்னலுக்கும் நான்காவதுக்கும் இடையில் நின்று எடுத்தது. இன்னொன்று வலது பக்கமாகச் சுமார் பத்தடி நகர்ந்து எடுத்தது. சுவரிலிருந்து நான் நின்ற இடம் ஏறத்தாழ 45 அடி, கம்பு சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி நிற்கிறது. கணக்குப் போட்டால், பத்தடி நகரும்போது கம்பு சுவர் மேல் நாலு அங்குலம் இடது பக்கம் நகர்ந்த மாதிரி தெரியும். கம்பின் கனம் மூன்று அங்குலம். அப்படியானால் முதல் படத்தில் கம்பு மறைத்த சுவர் இரண்டாவது படத்தில் முழுசாக வெளியே வந்துவிடுகிறது. இரண்டடி மட்டும் நகர்ந்திருந்தால் ஓர் அங்குலம்கூட வெளியே வந்திருக்காது. சாரம் கட்டிய கட்டடத்தைப் படம் எடுக்கப் போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டு நாலைந்து இடத்தில் தள்ளித் தள்ளி நின்று எடுத்து வாருங்கள், பிற்பாடு வேலை பாதியாகக் குறையும்.

இரண்டு படத்தையும் ஒன்றன் மேல் ஒன்று வைக்க, முதலில் சுவரைத் தட்டையாக்க வேண்டும். ஜிம்ப்பின் Perspective கருவியில் `Corrective (Backward)` என்று ஒன்று இருக்கிறது. நான்கு மூலையையும் சுவர் மேல் தெரிகிற நான்கு புள்ளியில் வைத்தால், அது செவ்வகமாக நிமிர்ந்து வருகிறது. நான் முதல் ஜன்னலின் இடது ஓரத்தையும் ஆறாவது ஜன்னலின் வலது ஓரத்தையும், சுவர் மட்டத்தில் இருக்கும் முனைகளாகப் பார்த்து எடுத்துக்கொண்டேன். சன்ஷேடின் நுனி முன்னால் நீட்டிக்கொண்டிருப்பதால் அதை எடுக்கவே கூடாது. அப்புறம், நிமிர்த்துவதை ஒரே தடவையில் முடிக்க வேண்டும், ஒவ்வொரு தடவை திருப்பும்போதும் படம் கொஞ்சம் மழுங்கும். நிமிர்த்தியபின் என் படத்தில் சுவரின் ஓர் அங்குலம் ஏறத்தாழ ஆறு பிக்சல். ஜன்னல் கோடுகள் எல்லாம் திரையின் ஓரத்துக்கு இணையாக வந்துவிடுவதால், அடுத்து வரும் வேலை அத்தனைக்கும் கைடு கோடு இழுத்து அளந்துகொள்ளலாம்.

இரண்டாவது படத்தை அடியில் வைத்து, மேல் படத்துக்கு மாஸ்க் போட்டு, கம்பு இருந்த பட்டையை மட்டும் கறுப்பில் தடவினேன், மாஸ்க்கில் கறுப்புப் பட்ட இடத்தில் மேல் படம் மறைந்து அடிப்படம் தெரியும். வெறும் சுவர் இருக்கிற இடத்தில் அச்சுப் பிசகாமல் பொருந்தியது, காரைப் பூச்சில் இருந்த விரிசல்கூடத் தொடர்ந்து வந்தது. ஆனால் ஜன்னலுக்குள் பொருந்தவில்லை, கம்பிகள் இரட்டையாகத் தெரிந்தன. காரணம், ஜன்னலின் மரநிலை சுவர் மட்டத்திலிருந்து அரையடி உள்ளே தள்ளி இருக்கிறது. முன்னால் நிற்கிற கம்பு இடது பக்கம் நகர்ந்தால் உள்ளே இருக்கிற நிலை வலது பக்கம் நகரும், என் அளவில் அது எட்டு பிக்சல். அதனால் இரண்டாவது படத்தை இன்னொரு நகல் எடுத்து, எட்டு பிக்சல் இடது பக்கம் தள்ளி, அதை ஜன்னல் உள்பக்கத்துக்கு மட்டும் பயன்படுத்தினேன். கம்பி கம்பியோடு சேர்ந்தது.

நிழல் விஷயத்தில் நிறையப் பேர் நிழலையும் க்ளோன் போட்டு மூடிவிடுகிறார்கள். அது வேண்டாம். நிழலுக்கு அடியில் இருக்கிற சொரசொரப்பு உண்மையான சுவர், அதை மூடிவிட்டு வேறு இடத்துச் சுவரைக் கொண்டுவந்து ஒட்டுவதில் என்ன லாபம்? நிழல் அளவுக்குத் தேர்வு செய்து, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற Curves-இல் தூக்கினாலே போதும். வெயில் படாத இடத்துக்கு வானத்து வெளிச்சம் மட்டும் வருவதால் நிழல் லேசாக நீலம் பாய்ந்திருக்கும். வெறுமனே வெளுப்பாக்கினால் சுவரில் நீலப் பட்டை நிற்கும். சிவப்பை அதிகமாகவும் பச்சையை அதைவிடக் குறைவாகவும் நீலத்தைக் கொஞ்சமாகவும் தனித்தனியாகத் தூக்கினேன். ஓரம்தான் கஷ்டம். கம்பு சுவரை விட்டுத் தள்ளி நிற்பதால் நிழலின் விளிம்பு கூராக இல்லாமல் மங்கி முடிகிறது. மாஸ்க்கின் விளிம்பும் அதே அகலத்துக்கு மங்க வேண்டும். கூராக வைத்தால் பழைய நிழல் இருந்த இடத்தில் வெள்ளைக்கோடு ஒன்றும் கறுப்புக்கோடு ஒன்றும் ஜோடியாக நிற்கும், அதைப் பார்த்தே எவ்வளவு மங்க வைக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம்.

சரி, இனி பலகை. பக்கவாட்டில் எத்தனை அடி நகர்ந்தாலும் படுக்கையான பலகை எதையும் காட்டாது. இரண்டு முதல் ஐந்து வரையிலான ஜன்னல்களின் கீழ்ப்பகுதியை அது மறைத்திருந்தது. முதலாவதும் ஆறாவதும் சாரத்துக்கு வெளியே இருந்ததால் முழுசாகத் தெரிந்தன.

முழு ஜன்னலை நகல் எடுத்து மற்ற இடத்தில் ஒட்டிவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் நடுவில் நின்று பார்க்கும்போது, இடது பக்கத்து ஜன்னல்களில் சுவரின் கனம் இடது ஓரத்தில் தெரிகிறது, வலது பக்கத்து ஜன்னல்களில் வலது ஓரத்தில். முதல் ஜன்னலில் அது மூன்று அங்குலம் கிட்டத் தெரிகிறது, நடுவை ஒட்டிய மூன்றாவதில் அரை அங்குலம்தான். படத்தை நிமிர்த்தினாலும் இது மாறாது. முதல் ஜன்னலை அப்படியே ஐந்தாவது இடத்தில் வைத்தால், எதுவென்று சொல்லத் தெரியாவிட்டாலும் பார்க்கிறவர் கண்ணுக்கு ஏதோ உறுத்தும். இடம் வலமாகத் திருப்பி வைத்தால் அந்த ஓரம் சரியாகிவிடும், ஆனால் வெயில் இடமிருந்து அடிக்கிறது, சன்ஷேடின் நிழல் அந்த ஒரு ஜன்னலில் மட்டும் எதிர்ப்பக்கம் சாய்ந்து நிற்கும்.

அதனால் ஒவ்வொரு ஜன்னலையும் அதன் மேல்பாதியிலிருந்தே கீழே வளர்த்தேன். சுவர் கனம் மேலே எத்தனை பிக்சல் தெரிகிறதோ அத்தனையே கீழேயும் வரும், கம்பிகளும் நேராக இறங்கும். அதற்கு Clone கருவியில் ஓர் இடத்தில் சொடுக்கி, Shift அழுத்திக்கொண்டு கீழே இன்னோர் இடத்தில் சொடுக்கினால் தூரிகை நேர்கோட்டில் போகும். ஜன்னலுக்குக் கீழே நீட்டியிருக்கிற திட்டை மட்டும் முதல் ஜன்னலிலிருந்தும் ஆறாவதிலிருந்தும் எடுத்து, அந்தந்தப் பக்கத்துக்கு வைத்தேன். தேர்வின் ஓரத்தை ஒரு பிக்சல் மங்க வைத்தால் போதும். கத்தியால் வெட்டிய மாதிரி கூரான விளிம்பு இந்தப் படத்தில் வேறெங்கும் இல்லை. கொத்தனார் கையால் பூசிய ஓரம் மேலிருந்து கீழே வருவதற்குள் இரண்டு பிக்சல் இப்படி அப்படிப் போகிறது, அதையும் விட்டுவைத்தேன்.

ஐந்தாவது ஜன்னல் முன்னால் சாக்குப் படுதா தொங்கியது, இரண்டு படத்திலும் ஒன்றுமே தெரியவில்லை. நான்காவது மாதிரியே கட்டலாமா என்று மாமாவிடம் கேட்டேன். "ஏங்கண்ணு, அந்தச் சன்னலுக்குக் கம்பியே கெடையாது. பீரோ ஏத்தறதுக்கு அறுத்தாங்க, அப்பறம் பலகைக் கதவைச் சாத்துனவங்கதான், தொறக்கவே இல்லை" என்றார். இரண்டாவது ஜன்னலின் கதவு படத்தில் சாத்தியிருந்தது. அந்தக் கதவை மட்டும் எடுத்து வைத்து, கனம் தெரியும் ஓரத்தை வலது பக்கமாக, நான்காவதுக்கும் ஆறாவதுக்கும் இடைப்பட்ட அகலத்தில் போட்டேன். அந்த ஓரத்தை ஆறாவதிலிருந்தே எடுத்தேன். இடது வெயில் நேராகப் படுகிற பக்கம் அது, இடது வரிசை ஜன்னல்களில் தெரியும் ஓரமோ நிழலில் இருக்கிறது.

கடைசியாக, பலகை போன இடத்துச் சுவர். இங்கே Wavelet-decompose கைகொடுத்தது. அது படத்தைப் பெரிய நிறத் திட்டாக ஒரு அடுக்கு, நுணுக்கமான சொரசொரப்பு பல அடுக்கு என்று பிரித்துத் தருகிறது. நிற அடுக்கில், மேலேயும் கீழேயும் இருக்கிற நிறத்தை மென்மையான தூரிகையால் இணைத்தேன். ஜன்னல் திட்டின் இரு முனையிலிருந்தும் மழைத்தண்ணீர் வழிந்த கறை பலகைக்குக் கீழே தெரிகிறது, அதைத் திட்டு வரைக்கும் மேலே கொண்டுபோக வேண்டும், இல்லாவிட்டால் கறை அந்தரத்தில் தொடங்கும். சொரசொரப்பு அடுக்குகளில் பக்கத்துச் சுவரிலிருந்து க்ளோன். ஜன்னல் ஓரத்தில் மட்டும் Heal கருவியைத் தொடவில்லை, அது பக்கத்தில் இருக்கிற இருட்டையும் சேர்த்து இழுத்துச் சுவரில் ஈசிவிடும்.

ஒரே புள்ளியிலிருந்து எடுத்துக்கொண்டே போனால் ஒரே விரிசல் மூன்று இடத்தில் வரும். படத்தைத் திரையில் உள்ளங்கை அளவுக்குச் சுருக்கிப் பார்த்தால் இந்தத் திரும்பல் உடனே தெரியும். மேலே ஒரு கடுமையான Curves போட்டு, வெளிச்சத்தை முறுக்கிப் பார்த்தால் ஒட்டுப்போட்ட இடம் வேறு நிறத்தில் துருத்திக்கொண்டு நிற்கும், பார்த்துத் திருத்திவிட்டு அந்த அடுக்கை எடுத்துவிடலாம்.

கீழ்த்தளத்தில் வாசல் தூணுக்கு முன்னால் மண்மூட்டையும் ஏணியும் நிற்கின்றன. தூண் உருண்டையானது, சுவர் மாதிரி நிமிர்த்தி இரண்டாவது படத்திலிருந்து எடுக்க முடியாது, இரண்டு படத்திலும் அதன் வெவ்வேறு பக்கம் தெரிகிறது. வலது தூண் முழுசாக இருக்கிறது, ஆனால் அதில் வெயில். இடது தூணோ வராந்தா நிழலில். வலது தூணின் சொரசொரப்பை மட்டும் பிரித்தெடுத்து, இடது தூணின் வெளிச்சத்தின் மேல் வைத்துப் பார்க்கப் போகிறேன்.