பெரிய எழுத்தில் இருப்பது தலைப்பு இல்லை

நாச்சியார்கோயிலில் இருக்கும் மாமாவின் விளக்குப் பட்டறைக்கு கோடு எழுதாமலே இணையதளம் கட்ட உதவும் விக்ஸில் ஒரு தளம் செய்து கொடுத்தேன். நான் செய்த முதல் தளம் அது. சில நாள் கழித்து மாமா கூப்பிட்டார். "கூகுள்ல நம்ம கடை வருதுப்பா, ஆனா பேரு வேற என்னமோ இருக்கே" என்றார். பார்த்தால் `Home | My Site 1` என்று இருந்தது.

பக்கத்தின் உச்சியில் பெரிய எழுத்தில் இருந்த வரிதான் தலைப்பு என்று நினைத்து, அதை மூன்று முறை மாற்றிப் பார்த்தேன். பிரவுசர் டேபில் பழைய பெயர் அப்படியே நின்றது. அந்த வரி பக்கத்தைத் திறந்தவர் படிப்பதற்கு. டேபிலும் தேடல் முடிவிலும் வருவது வேறொரு இடத்தில் இருக்கிறது.

எடிட்டரின் இடப்பக்கம் `Pages & Menu`. அதில் முகப்புப் பக்கத்தின் பெயருக்குப் பக்கத்தில் மூன்று புள்ளி. அதை அழுத்தினால் `SEO basics`. உள்ளே `Title tag`, `Meta description` என்று இரண்டு பெட்டிகள். முதலாவது தலைப்பு, இரண்டாவது தேடல் முடிவில் அதன் கீழே வரும் விளக்க வரி. ஒவ்வொரு பக்கத்துக்கும் இவை தனித்தனியாக உண்டு. அதனால் விலைப் பக்கத்துக்கு முகப்பின் வரியையே ஒட்டாமல் வேறு எழுதினேன்.

தலைப்பு 60 எழுத்துக்குள் இருக்கட்டும் என்று எங்கும் சொல்வார்கள். அது ஆங்கிலத்துக்கான கணக்கு. "விளக்கு" நமக்கு நாலு எழுத்து; கம்ப்யூட்டர் இகர, உகரக் குறிகளையும் புள்ளியையும் தனியாக எண்ணி ஏழு என்று சொல்லும். கூகுள் வெட்டுவதோ எண்ணிக்கையை வைத்து அல்ல, திரையில் வரி எடுக்கும் அகலத்தை வைத்து. ஆகவே எண்ணுவதை விட்டுவிட்டு, முக்கியமான சொற்களை முன்னால் வைத்தேன். வால் வெட்டுப்பட்டாலும் ஊரும் பொருளும் தப்பிவிடும்.

விளக்க வரிக்கு முதலில் "தரமான பொருட்கள், சிறந்த சேவை" என்று எழுதி அழித்தேன். எந்தக் கடைக்கும் பொருந்துகிற வரி அது. வாங்க வருகிறவர் கேட்பது உயரம், உலோகம், பழைய விளக்குக்கு மெருகு போடுவீர்களா என்பதுதான். அதையே எழுதினேன்.

சேமித்தும் வெளியில் எதுவும் மாறவில்லை. `Publish` அழுத்திய பிறகுதான் மாறியது. தளத்தைத் திறந்து Ctrl+U அழுத்தி, `<title` என்று தேடிப் பார்த்தேன். நான் எழுதியது அங்கே வந்திருந்தது. விளக்கம் வேறொரு வரியில் இருந்தது:

```html
<title>நாச்சியார்கோயில் குத்துவிளக்கு, அன்ன விளக்கு | பட்டறை விலை</title>
<meta name="description" content="எங்கள் பட்டறையில் வார்த்த பித்தளை விளக்குகள், 1 அடி முதல் 5 அடி வரை. பழைய விளக்குக்கு மெருகும் போடுகிறோம்.">
```

கூகுளில் உடனே மாறாது. அது மறுபடி வந்து பக்கத்தைப் படிக்க வேண்டும். காத்திருக்க மனமில்லாமல், தளம் வைத்திருப்பவர்களுக்கு கூகுள் தரும் சர்ச் கன்சோலில் பக்கத்தின் முகவரியைக் கொடுத்து `Request indexing` அழுத்தினேன். அடுத்த வாரம் தலைப்பு நான் எழுதியபடியே வந்தது. விளக்கம் மட்டும் தேடுகிற சொல்லைப் பொறுத்து மாறுகிறது. "குத்துவிளக்கு மெருகு" என்று தேடினால் என் வரி வருகிறது. "5 அடி விளக்கு விலை" என்றால் விலைப் பக்கத்திலிருந்தே ஒரு வரியை கூகுள் எடுத்துக் காட்டுகிறது. அதனால் இப்போது விலைப் பக்கத்தில் ஒவ்வொரு உயரத்துக்கும் முழு வாக்கியமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.