'விலை படியவில்லை': அகராதிப் படத்தில் பொருள் தேடியது

கையில் இருந்தது அகராதிப் பக்கத்தின் ஒரு படம். பொருள் தேட வேண்டிய வாக்கியம்: 'இரண்டு மணி நேரம் பேசியும் விலை படியவில்லை.' படத்தில் 'படி' என்ற தலைச்சொல் ஒன்றன்கீழ் ஒன்றாக நான்கு இடங்களில் இருந்தது. ஒவ்வொன்றின் தோள்மேலும் ஒரு சிறிய எண். இதை முதலில் கவனிக்க வேண்டும். தலைச்சொல்லோடு ஒட்டி மேலே நிற்கும் எண் வேறு, உள்ளே வரியில் வரும் 1, 2, 3 வேறு. மேலே இருப்பது 'எழுத்து ஒன்றுதான், சொல் வேறு' என்கிறது. உள்ளே இருப்பது ஒரே சொல்லின் வெவ்வேறு பொருள்கள். படம் மங்கினால் முதலில் மறைவது அந்தச் சிறிய எண்தான். அப்போது நான்கு சொற்களும் ஒரே சொல்போலத் தோன்றிவிடும்.

அடுத்தது இலக்கணக் குறி. பெ. என்றால் பெயர்ச்சொல், ஏறும் படியும் அளக்கும் படியும் அங்கே. இ.சொ. இடைச்சொல், 'சொன்னபடி' அந்த வகை. நம் வாக்கியத்தில் அது வினை, ஆகவே வி. போட்டவை மட்டும் மிச்சம். அப்படி இரண்டு இருந்தன.

அவற்றைப் பிரித்துத் தந்தது அடைப்புக்குறிக்குள் இருந்த வினை வடிவங்கள். ஒன்றில் 'படிய, படிந்து'. மற்றதில் 'படிக்க, படித்து'. மங்கிய படத்தில் 'ந்'துக்கும் 'த்'துக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால் நான் இரண்டாவது வடிவத்தை நம்புவதில்லை, முதலாவதைத்தான் பார்ப்பேன்: 'படிய', 'படிக்க' இரண்டும் நீளத்திலேயே வேறு. வாக்கியத்தில் 'படியவில்லை' என்றுதான் இருக்கிறது, 'படிக்கவில்லை' அல்ல. 'படிய, படிந்து' என்றிருந்த வினையே நமக்கு உரியது, நான்கில் கடைசியாக இருந்தது அதுதான்.

வலப்பக்க ஓரம் நிழலில் இருந்தால் 'வி.அ.' என்பது 'வி.' என்று மட்டும் தெரியும். வினையடையை வினை என்று எடுத்துக்கொள்வோம். வினை வடிவங்கள் தரும் அகராதியில், குறிக்குப் பக்கத்தில் அவை இல்லையென்றால் சந்தேகப்பட வேண்டும்.

இனி எண்ணிட்ட பொருள்கள். முதலில் இருப்பதை அப்படியே எடுப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. 1இல் தூசி ஒரு பரப்பின்மேல் தங்குவது. 2இல் தலைமுடி தூக்கிக்கொண்டு நிற்காமல் அடங்கியிருப்பது. படம் அங்கேயே முடிந்துவிட்டது. இரண்டிலும் எழுவாயின் இடத்தில் 'விலை'யை வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. 'அடங்குவது' கொஞ்சம் நெருங்குவதுபோல இருந்தாலும், விலை குறையவில்லை என்ற தவறான பொருளுக்குத்தான் கொண்டுபோகும்.

2க்குப் பிறகு அடுத்த தலைச்சொல் வரவில்லை, பக்கத்தை நெடுக்காகப் பிரித்த அந்தப் பத்தியும் அடியைத் தொட்டிருந்தது. ஆகவே பதிவு அடுத்த பத்தியில் தொடர வேண்டும். அந்தப் பத்தியின் தலைப்பகுதியையும் படம் எடுத்து வாங்கியதும் 3 கிடைத்தது: பேரம், விலை போன்றவை இரு தரப்புக்கும் ஒத்துவருவது. எடுத்துக்காட்டு வாக்கியத்திலும் விலைதான் எழுவாய். விலை குறைந்ததா இல்லையா என்பதல்ல, இருவரும் ஒரு தொகைக்கு ஒத்துவரவில்லை என்பதே வாக்கியத்தின் பொருள்.