பதினைந்து நிமிடப் பாட்டு

இன்று காலை பஸ்ஸில் பிளைண்ட் ஃபெய்த் என்ற ராக் பேண்டின் ஒரே ஆல்பத்தைக் கேட்டேன். கடைசிப் பாட்டு மட்டும் பதினைந்து நிமிடம். ஆர்கன், கிடார், பேஸ், டிரம்ஸ் என்று முறைவைத்து ஆளுக்கொரு சோலோ.

கேட்கக் கேட்க ஒன்றுதான் தோன்றியது, ‘போதும், வெட்டு’ என்று சொல்ல அங்கே யாருமே இல்லை.

வேறு பேண்டுகளிலிருந்து வந்து சேர்ந்த நான்கு பேர்: க்ரீமிலிருந்து எரிக் கிளாப்டனும் ஜிஞ்சர் பேக்கரும், டிராஃபிக்கிலிருந்து ஸ்டீவ் வின்வுட், ஃபேமிலியிலிருந்து ரிக் க்ரெச். 1969 ஜூனில் இவர்களுடைய முதல் கச்சேரியே லண்டன் ஹைட் பார்க்கில், சுமார் ஒரு லட்சம் பேர் முன்னால்!

சாதாரண பேண்டு சின்ன அரங்குகளில் சொதப்பி, சண்டை போட்டு, யார் எங்கே அடங்கணும் என்று கற்றுக்கொள்ளும். இவர்களுக்கு அந்த அவகாசமே கிடைக்கவில்லை.

அப்புறம் ஆல்பம் வருவதற்கு முன்பே அமெரிக்கச் சுற்றுப்பயணம். கையில் பாட்டு போதவில்லை, க்ரீம், டிராஃபிக் பாடல்களையும் வாசித்தார்கள், கூட்டமும் அதற்குத்தான் ஆர்ப்பரித்தது. (இந்த ஆல்பத்தில் வின்வுட்டின் ‘கான்ட் ஃபைண்ட் மை வே ஹோம்’ தங்கம், அதை மறுக்கவில்லை.)

கிளாப்டனோ தங்களுக்கு முன்னால் வாசித்த டெலனி அண்ட் பானி குழுவோடுதான் ஒட்டிக்கொண்டார். பயணம் முடிந்ததும் பேண்டு கலைந்தது, அவர் அவர்களோடு வாசிக்கப் போய்விட்டார்.