ராஜினாமா முதல் புது வேலை வரை: புரொஃபைலை எப்போது மாற்றுவது?

1 செப்டம்பர் 2025, திங்கள்

காலையில் மேனேஜரிடம் நேரில் சொல்லிவிட்டு, அப்புறம் போர்ட்டலில் ராஜினாமாவைப் பதிந்தேன். 90 நாள் நோட்டீஸ். கடைசி நாள் நவம்பர் 28 என்று பேசி முடித்திருக்கிறோம். சேரும் நாள் டிசம்பர் 1.

லிங்க்ட்இன்னில் இன்று கை வைக்கவில்லை. எங்கள் கிளையண்ட் பக்கத்து ஆட்கள் பலர் என் தொடர்பில் இருக்கிறார்கள். நான் போகும் செய்தியை அவர்களுக்குச் சொல்ல வேண்டியவர் மேனேஜர். எனக்குப் பதில் யார் வருவார் என்று முடிவான பிறகுதான் சொல்வார். அதற்குள் என் பக்கம் அதைச் சொல்லிவிட்டால், மிச்சமிருக்கும் மூன்று மாதமும் அவருக்குச் சங்கடம்.

9 செப்டம்பர்

ஆஃபரை ஏற்றாயிற்று, அதனால் லிங்க்ட்இன்னில் வேலை தேடுவதாகக் காட்டும் Open to work-ஐ அணைத்தேன். ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் தெரியும்படி வைத்திருந்தேன். சொந்தக் கம்பெனியின் ரெக்ரூட்டர்களுக்கு அதை மறைக்க லிங்க்ட்இன் முயலும், முழு உத்தரவாதம் தராது.

வேலை தேடும் தளமான நவுக்ரியில், நோட்டீஸில் இருப்பதாகவும் கடைசி வேலை நாள் இன்னது என்றும் போட்டால் அழைப்புகள் குவியும். அதை வைத்து இன்னும் பெரிய ஆஃபர் தேடுகிறவர்கள் உண்டு. ஒப்புக்கொண்ட இடத்தில் எனக்காக ஓர் இருக்கையைக் காலியாக வைத்துக் காத்திருக்கிறார்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை.

15 அக்டோபர்

பழைய டீமில் இருந்த அக்கா போன் செய்தார். அவர் தம்பி, கையில் ஆஃபர் வந்ததுமே புதுக் கம்பெனியின் பெயரைப் பக்கத்தில் போட்டிருக்கிறார். வாழ்த்துகள் வரிசையாக வந்தன. பிறகு ப்ராஜெக்ட் தள்ளிப்போக, சேரும் தேதியும் தள்ளிப்போயிற்று. பழைய இடத்தில் கடைசி நாள் முடிந்துவிட்டது, புது இடத்தில் இன்னும் ஊழியர் இல்லை. பக்கம் மட்டும் சேர்ந்துவிட்டதாகச் சொல்கிறது. இப்போது வேறு இடத்தில் இன்டர்வியூவுக்குப் போனால், "அங்கே சேர்ந்து உடனே விலகினீர்களா?" என்பதுதான் முதல் கேள்வி. இல்லை என்று காட்ட அவரிடம் எந்தக் காகிதமும் கிடையாது.

ஆஃபர் லெட்டர் சேரும் வரைக்கும் ஒரு வாக்குறுதிதான். முதல் நாள் கையெழுத்துப் போட்டு எம்ப்ளாயி ஐ.டி. வாங்கும் வரை புதுப் பெயரை எங்கும் எழுதப்போவதில்லை.

19 நவம்பர்

லிங்க்ட்இன் கணக்கில் ஆபீஸ் மின்னஞ்சல் ஒன்றும் சேர்ந்திருந்தது. சொந்த ஜிமெயிலை முதன்மையாக்கிவிட்டு அதை நீக்கினேன். கடைசி நாளன்று ஆபீஸ் மெயிலை மூடிவிடுவார்கள்; அதற்குப் பிறகு பாஸ்வேர்டை மறந்தால் மீட்பு மெயில் அங்கே போய் முடங்கும். நோட்டீஸ் காலத்தில் தள்ளிப்போடக் கூடாத மாற்றம் இது ஒன்றுதான் என்பேன்.

28 நவம்பர், வெள்ளி

லேப்டாப்பையும் அடையாள அட்டையையும் ஒப்படைத்தேன். கிளையண்டிடம் மேனேஜர் போன வாரமே சொல்லிவிட்டார்.

இரவு, பழைய வேலைக்கு முடிவு மாதமாக நவம்பர் 2025 போட்டேன். மாற்றத்தைத் தொடர்பில் இருப்பவர்களுக்கு அறிவிக்கும் Notify network அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சேமித்தேன். பெயருக்குக் கீழே வரும் தலைப்பு வரியில் கம்பெனி பெயர் அப்படியே நின்றது. வேலையை முடித்தாலும் அந்த வரியை நாம்தான் தனியாகத் திருத்த வேண்டும். "சாஃப்ட்வேர் டெஸ்டிங், வங்கித் துறை" என்று மட்டும் விட்டிருக்கிறேன்.

1 டிசம்பர், திங்கள்

சேர்ந்தேன். ஃபார்ம்களும் கையெழுத்துகளுமாக நாள் போயிற்று. பக்கத்தை இன்றும் மாற்றவில்லை. பேக்கிரவுண்ட் வெரிஃபிகேஷன் இன்னும் முடியவில்லை, பழைய இடத்தின் ரிலீவிங் லெட்டரும் வரவில்லை.

18 டிசம்பர்

இரண்டும் வந்துவிட்டன. லெட்டரில் கடைசி நாள் 28-11-2025, பதவி சீனியர் டெஸ்ட் இன்ஜினியர். டீமில் என்னை லீட் என்றுதான் கூப்பிடுவார்கள். பக்கத்தில் லெட்டரில் உள்ளதையே வைத்தேன். சரிபார்ப்பவர் ரெஸ்யூமேயையும் பக்கத்தையும் லெட்டரோடு ஒப்பிட்டால், டீமில் கூப்பிட்ட பெயர் அங்கே செல்லாது.

புது வேலையைச் சேர்க்கும்போது, இப்போதைய வேலையை இன்றோடு முடிக்கவா என்று ஒரு டிக் பெட்டி காட்டும். பழைய வேலையை முடிக்காமல் விட்டிருந்து அதை டிக் செய்தால், முடிவு மாதம் டிசம்பர் என்று விழும். லிங்க்ட்இன்னில் நாள் கிடையாது, மாதமும் வருடமும்தான். அதனால் இரண்டு நாள் இடைவெளி என்பது பக்கத்தில் ஒரு மாதம் இரண்டு வேலை பார்த்ததாகத் தெரியும். இரட்டை வேலை பற்றி கம்பெனிகள் உஷாராக இருக்கும் நேரம் இது. நவம்பரிலேயே முடித்து வைத்திருந்ததால் எனக்கு அந்தத் தொல்லை இல்லை.

இந்த முறை Notify network-ஐ நானே இயக்கினேன். அறிவிப்பு போய்ச்சேர இரண்டு மணி நேரம் வரை ஆகலாம். முதல் வாழ்த்து பழைய மேனேஜரிடமிருந்து வந்தது.

20 ஜனவரி 2026

யூ.ஏ.என். போட்டு பி.எஃப். தளத்தில் சர்வீஸ் விவரம் பார்த்தேன். பழைய இடத்தில் வெளியேறிய தேதி ஏறிவிட்டது: 28-11-2025. லெட்டர், ரெஸ்யூமே, பி.எஃப். மூன்றிலும் அதே தேதி. லிங்க்ட்இன்னில் அதே மாதம். பி.எஃப். தொகையைப் புது இடத்துக்கு மாற்ற விண்ணப்பம் போட்டுவிட்டேன்.