பெரிய கோப்புக்குத்தான் அடி விழுந்தது

பாரிமுனையில் பழைய கேமரா சாமான் விற்கும் ஒரு கடையில் 50 எம்எம் லென்ஸ் ஒன்றைப் பார்த்தேன். 9,000 ரூபாய் சொன்னார்கள். "ரெண்டு நாள் வச்சுப் பாருங்க தம்பி, பிடிக்கலைன்னா திருப்பிக் கொடுத்துடுங்க" என்றார் கடைக்காரர். என்னிடம் கேமராவோடு வந்த 18-55 லென்ஸ் இருக்கிறது. அதையும் 50க்குத் திருப்பி வைத்து எடுத்தால் காட்சி கிட்டத்தட்ட ஒன்றுதான். அப்படியிருக்க 9,000 கொடுக்கத்தான் வேண்டுமா என்று தெரிந்துகொள்ள நினைத்தேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மயிலாப்பூர். கபாலீசுவரர் கோயிலின் கிழக்குக் கோபுரத்தில் அந்த நேரத்து வெயில் நேராக விழும். முக்காலியைப் போட்டு, கேமராவை அசைக்காமல் லென்ஸை மட்டும் மாற்றி இரண்டு படம் எடுத்தேன். இரண்டுக்கும் f/5.6, ஒரே ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ 100. கேமராவில் வைத்திருந்த ஜேபெக் தரமும் ஒன்றே. இரண்டு படமும் 6000க்கு 4000 பிக்சல்.

அன்றே குடும்பக் குழுவில் போட்டு அண்ணனிடம் கேட்டேன். "ரெண்டும் ஒண்ணுதானேடா" என்று பதில் வந்தது. அவன் சொன்னதில் தப்பில்லை. போனில் அனுப்பும்போதே அந்தச் செயலி படத்தை 1600 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கிவிட்டிருந்தது. 6000 பிக்சல் 1600 ஆகும்போது அசல் படத்தின் 14 பிக்சல்கள் கலந்து ஒரே பிக்சலாகின்றன. கோபுரத்துச் சுதைச் சிற்பங்களின் இமைக்குக் கறுப்பில் ஒரு கோடு இழுத்திருப்பார்கள். என் அசல் படத்தில் அது நான்கு பிக்சல் தடிமன். ஒரு லென்ஸ் அந்தக் கோட்டைக் கூர்மையாகக் காட்டுகிறது, இன்னொன்று அதன் ஓரத்தை இரண்டு மூன்று பிக்சலுக்குப் பரப்பிவிடுகிறது என்றாலும், சுருக்கியபின் இரண்டிலும் அது ஒரு பிக்சல் அளவுக் கறுப்புத்தான். வித்தியாசம் இருந்த இடமே படத்தில் இல்லாமல் போய்விட்டது.

சரி, சுருக்காமல் காட்டலாம் என்று எங்கள் ஞாயிற்றுக்கிழமை நடைக் குழுவின் பொது ஆல்பத்தில் இரண்டையும் ஏற்றினேன். அங்கே முழுப் படத்தையும் ஏற்றலாம், பெரிதாக்கியும் பார்க்கலாம். மாலையில் குழுவின் மூத்தவர் கூப்பிட்டார். நாற்பது வருடமாகப் படம் எடுப்பவர், பார்வையும் கறாரானது. "தம்பி, பெரிசு பண்ணிப் பார்த்தேன். உங்க பழைய லென்ஸ்தான் நல்லா இருக்கு. புதுசா வாங்கறது பூசி மெழுகின மாதிரி இருக்கு. இதுக்கா 9,000?"

எனக்கு நம்ப முடியவில்லை. அந்த 18-55 லென்ஸுக்கு 50இல் f/5.6 என்பதுதான் முழுத் திறப்பு. 50 எம்எம் லென்ஸோ அங்கே நன்றாக மூடிய நிலையில் இருக்கிறது. லென்ஸ் பொதுவாக முழுத் திறப்பைவிட அப்படி மூடிய நிலையில்தான் கூர்மையாகக் காட்டும். அதனால் அது தோற்கக் கூடாது. என் கணினியில் திறந்து பார்த்தால் தோற்கவும் இல்லை. ஆனால் ஆல்பத்தில் பார்த்தபோது அவர் சொன்னபடியேதான் இருந்தது.

ஆல்பத்திலிருந்து இரண்டையும் திரும்ப இறக்கி, இமேஜ்மேஜிக் என்ற படக் கருவியில் இந்த வரியை ஓட்டினேன். பெயர், பிக்சல் அளவு, கோப்பின் எடை, ஜேபெக் தரத்தின் மதிப்பீடு நான்கும் வரும்:

```
identify -format "%f %wx%h %b Q%Q\n" *.jpg
```

பழைய லென்ஸின் படம் 6000x4000, 7.1 எம்பி, நான் ஏற்றியது அப்படியே. 50 எம்எம் படம் 2048x1365, 0.7 எம்பி. தர எண்ணும் இறங்கியிருந்தது.

அந்த ஆல்பத்தில் 8 எம்பிக்கு மேற்பட்ட கோப்பு வந்தால் தானாகச் சுருக்கி, மறுபடி ஜேபெக்காக எழுதிவிடுகிறார்கள். அதற்குள் இருந்தால் தொடுவதில்லை. என் 50 எம்எம் கோப்பு 9.4 எம்பி. சுருக்கியதாக ஏற்றும்போது ஒரு வார்த்தை வரவில்லை. திரையில் முழுப் படமாகப் பார்க்கும்போது இரண்டும் ஒரே அளவில்தான் தெரிகின்றன. பெரிதாக்கும்போது மட்டும் ஒரு பக்கம் அசல் பிக்சல், இன்னொரு பக்கம் சுருங்கியதை மறுபடி இழுத்துக் காட்டுவது. அசலில் 40 பிக்சல் அகலம் இருந்த ஒரு சிற்பத்தின் கண், சுருங்கிய படத்தில் 14 பிக்சல்தான். மூத்தவர் பார்த்த பூசி மெழுகல் அதுதான்.

ஒரே கேமரா, ஒரே அமைப்பு என்றிருக்க, இந்தப் படம் மட்டும் ஏன் 8 எம்பியைத் தாண்டியது என்று யோசித்தபோதுதான் விஷயம் முழுதாகப் பிடிபட்டது. ஜேபெக் படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு நுணுக்கமான ஏற்ற இறக்கம் இருக்கிறது என்று கணக்கெடுத்து எழுதுகிறது. வழவழப்பான கட்டத்துக்குக் கொஞ்சம் இடம் போதும். கூரிய கோடுகள் நிறைந்த கட்டத்துக்கு அதிக இடம் வேண்டும். அதாவது 50 எம்எம் லென்ஸ் அதிக நுணுக்கத்தைப் பிடித்ததால்தான் அதன் கோப்பு பெருத்தது, பெருத்ததால்தான் வரம்பில் மாட்டி அந்த நுணுக்கத்தை இழந்தது. எடையில் வரம்பு வைத்தால் தற்செயலாக ஏதோ ஒரு படம் மாட்டும் என்றுதான் நினைப்போம். ஒப்பீட்டில் அப்படியில்லை. பெரும்பாலும் நல்ல படமே மாட்டும். (கோப்பு பெரிதாக இருப்பதே நல்ல லென்ஸுக்குச் சான்று என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஐஎஸ்ஓ ஏற்றி எடுத்தால் இரைச்சல் புள்ளிகளும் கோப்பை ஊதவைக்கும். 100இல் எடுத்ததால் இங்கே அந்தச் சந்தேகம் இல்லை.)

முதலில் தோன்றிய வழி, இரண்டையும் நானே 2048க்குச் சுருக்கி ஏற்றுவது. அது நியாயமான ஒப்பீடுதான், ஆனால் அண்ணன் சொன்ன "ரெண்டும் ஒண்ணு" என்ற பதிலுக்கே திரும்ப வந்து நிற்கும். அதனால் சுருக்காமல் வெட்டினேன். இரண்டு படத்திலும் ஒரே இடத்திலிருந்து 1200க்கு 800 பிக்சல் துண்டு, நடுவிலிருந்து ஒன்று, இடது மேல் மூலையிலிருந்து ஒன்று:

```
magick a.jpg -crop 1200x800+0+0 +repage a-corner.png
```

பிஎன்ஜியாகச் சேமித்ததால் வெட்டும்போது புதிதாக இழப்பு எதுவும் சேரவில்லை. நான்கு துண்டுகளும் வரம்புக்கு வெகு கீழே. ஆனாலும் இந்த முறை நம்பி விட்டுவிட மனசில்லை. ஏற்றி, திரும்ப இறக்கி, கோப்பின் கைரேகை போன்ற ஒரு எழுத்துச்சரத்தைத் தரும் `sha256sum` போட்டு என்னிடம் இருந்ததோடு ஒப்பிட்டேன். நான்கும் எழுத்துக்கு எழுத்து பொருந்தின. பொருந்தாவிட்டாலும் உடனே படம் கெட்டுவிட்டது என்று பொருள் இல்லை. கோப்பில் உள்ள தேதி போன்ற தகவலை மட்டும் அவர்கள் நீக்கியிருக்கலாம். அப்போது பிக்சல்களை ஒப்பிட வேண்டும்:

```
magick compare -metric AE a.png b.png null:
```

0 என்று வந்தால் ஒரு பிக்சல்கூட மாறவில்லை.

இந்தத் தடவை எந்தத் துண்டு எந்த லென்ஸ் என்று சொல்லாமல், 1, 2 என்று மட்டும் பெயர் வைத்து மூத்தவருக்குச் சொல்லியனுப்பினேன். பெரிதாக்கத் தேவையில்லை, நூறு சதவீதத்தில் பாருங்கள் என்றும் சொன்னேன். ராத்திரியே கூப்பிட்டார். "நடுவுல பெரிய வித்தியாசம் இல்லை தம்பி. மூலையிலதான். 1இல் அந்தச் சின்னச் சிலையோட விரல் அஞ்சும் தனித்தனியாத் தெரியுது. 2இல் கை ஒரே கட்டியா இருக்கு."

1 தான் 50 எம்எம். நான் இந்தக் கோபுரப் படங்களை 18க்கு 12 அங்குலத்தில் அச்சிட நினைத்திருக்கிறேன். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால் 5400க்கு 3600 பிக்சல் வேண்டும், கிட்டத்தட்ட முழுப் படமும். அந்த அளவில் மூலை கண்ணுக்குத் தெரியும். மறுநாள் பாரிமுனைக்குப் போய்ப் பணத்தைக் கட்டிவிட்டு வந்தேன். ஆல்பத்தில் அந்த முதல் இரண்டு படங்களையும் எடுத்துவிட்டேன்.