பத்தாவது நிமிடத்தில் எவ்வளவு வேகமாக ஆறியது?

நேர்கோட்டு வரைபடத்தில் சாய்வு கண்டுபிடிப்பது எனக்குச் சிரமமாக இருந்ததில்லை. இரண்டு புள்ளிகளை எடுத்து, உயர வித்தியாசத்தைக் கிடைத்தூர வித்தியாசத்தால் வகுத்தால் வேலை முடிந்தது. கோடு வளைந்த பிறகுதான் தடுமாற்றம். எந்த இரண்டு புள்ளிகளை எடுப்பது? ஒவ்வொரு ஜோடிக்கும் ஒவ்வொரு விடை வருகிறதே! இதை எனக்குத் தெளிய வைத்தது, சுடுநீர் ஆறுவதை அளந்து நானே வரைந்த ஒரு வரைபடம்.

ஒரு குவளையில் சுடுநீர், அதில் ஒரு வெப்பமானி, பக்கத்தில் கடிகாரம். அறையின் வெப்பநிலை 30 டிகிரி. தண்ணீர் 90 டிகிரிக்கு வந்தபோது நேரத்தைக் குறிக்க ஆரம்பித்தேன். 5 நிமிடத்தில் 76.5, 10-இல் 66.5, 15-இல் 58.5, 20-இல் 52, 25-இல் 47, 30-இல் 43.5, 40-இல் 38. கிராஃப் தாளில் கிடையச்சில் 2 சென்டிமீட்டருக்கு 5 நிமிடம், நிலையச்சில் 2 சென்டிமீட்டருக்கு 10 டிகிரி என்று அளவு வைத்தேன். புள்ளிகளை ஸ்கேலால் துண்டு துண்டாக இணைக்காமல், கையை ஓடவிட்டு ஒரே வழவழப்பான வளைகோடாக வரைந்தேன். இது முக்கியம். கோட்டில் சின்ன முடிச்சு விழுந்தாலும் அந்த இடத்தில் தொடுகோடு தாறுமாறாகத் திரும்பிவிடும்.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு விடை: சரியாக 10-ஆவது நிமிடத்தில் தண்ணீர் என்ன வேகத்தில் ஆறிக்கொண்டிருந்தது?

66.5-ஐ 10-ஆல் வகுக்கலாமே என்று கை தானாகப் போகும். அது 6.65 தரும், ஆனால் அதற்கும் ஆறும் வேகத்துக்கும் சம்பந்தமே இல்லை. 66.5 என்பது அந்த நேரத்தில் எவ்வளவு சூடு என்பது. எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பது கோட்டின் சரிவில் இருக்கிறது, உயரத்தில் இல்லை.

சரி, சரிவை எப்படி எடுப்பது? 10-இலிருந்து 20 வரை பார்த்தால் 14.5 டிகிரி குறைந்திருக்கிறது, அதாவது நிமிடத்துக்கு 1.45. 0-இலிருந்து 10 வரை பார்த்தால் நிமிடத்துக்கு 2.35. இரண்டும் சராசரிதான். முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் ஆறுவதால், நான் கேட்கும் விடை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்க வேண்டும். இடைவெளியைச் சுருக்கி 10-இலிருந்து 15 வரை எடுத்தால் 1.6. இன்னும் சுருக்கினால் இன்னும் நெருங்கும். ஆனால் அரை டிகிரிக்குக் கீழே என் வெப்பமானியில் படிக்க முடியாது என்பதால், ரொம்பச் சுருக்கினால் விடையைவிடப் பிழை பெரிதாகிவிடும். இந்த இடத்தில்தான் தொடுகோடு கைகொடுக்கிறது. வளைகோடு அந்தப் புள்ளியில் எந்தத் திசையில் போகிறதோ, அதே திசையில் நீளமாக ஒரு நேர்கோட்டை இழுத்துவிட்டால், சாய்வை நிதானமாக அளக்கலாம்.

வரைவதற்கு ஒளிபுகும் ஸ்கேல்தான் வசதி. 10-ஆவது நிமிடப் புள்ளியில் ஸ்கேலின் விளிம்பை வைத்து மெல்லச் சுழற்றினேன். சரியான இடத்தில் விளிம்பு கோட்டைத் தொடும், அங்கே வெட்டாது. இந்த வளைகோடு குழிந்து இறங்குவதால் தொடுகோடு முழுக்க அதற்குக் கீழேதான் இருக்க வேண்டும். புள்ளியின் ஒரு பக்கத்தில் மேலே ஏறிவிட்டால் ஸ்கேல் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். இன்னொரு சோதனை, புள்ளிக்கு இரண்டு பக்கமும் சம தூரத்தில் இடைவெளியைப் பார்ப்பது. எனக்கு 5-ஆவது நிமிடத்திலும் 15-ஆவது நிமிடத்திலும் ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் இருந்தது. அது போதும்.

கண்ணை நம்ப மனமில்லாவிட்டால் சின்னக் கண்ணாடி ஒன்று போதும். அதை வளைகோட்டின் குறுக்கே, புள்ளியின் மேல் நிமிர்த்தி வைத்துப் பார்த்தால், கோடும் பிம்பமும் சேரும் இடத்தில் ஒரு முறிவு தெரியும். கண்ணாடியைத் திருப்பிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் முறிவு மறைந்து, கோடு பிம்பத்துக்குள் தங்குதடையில்லாமல் ஓடும். அப்போது கண்ணாடி நிற்கும் கோடு வளைகோட்டுக்குச் செங்குத்து. அதற்கு மூலைமட்டத்தால் செங்குத்து போட்டால் தொடுகோடு கிடைத்துவிடும். சாதாரணக் கண்ணாடியில் பூச்சு பின்பக்கம் இருப்பதால், பின்விளிம்பை ஒட்டித்தான் பென்சிலை ஓட்ட வேண்டும்.

அப்புறம் முக்கோணம். இதில்தான் சோம்பேறித்தனம் கூடாது என்பேன். என் தாளில் ஒரு மில்லிமீட்டர் என்பது அரை டிகிரி. இரண்டு முனைகளிலும் ஒரு மில்லிமீட்டர் தவறாகப் படித்தால் மொத்தம் ஒரு டிகிரி பிழை. 2 நிமிட அகலமுள்ள குட்டி முக்கோணத்தில் அது நிமிடத்துக்கு 0.5, விடையில் கால்வாசிக்கு மேல் போயிற்று. 25 நிமிட அகலத்தில் அதே பிழை வெறும் 0.04. அதனால் தொடுகோட்டைத் தாளின் இடது ஓரம்வரை நீட்டினேன். 0 நிமிடத்தில் அது 84.5 டிகிரியைத் தொட்டது, 25 நிமிடத்தில் 39-ஐ. இந்த இரண்டும் தொடுகோட்டின் மேல் உள்ள புள்ளிகள். அட்டவணையில் உள்ள 90-ஐயும் 47-ஐயும் இங்கே கலந்துவிடக் கூடாது.

39-இலிருந்து 84.5-ஐக் கழித்தால் −45.5. அதை 25-ஆல் வகுத்தால் −1.82. படித்த துல்லியத்துக்கு, நிமிடத்துக்கு −1.8 டிகிரி என்று எழுதினால் போதும். கழித்தல் குறி வெப்பநிலை குறைகிறது என்பதைச் சொல்கிறது. 5-க்கும் 15-க்கும் இடையே உள்ள சராசரியைப் போட்டுப் பார்த்தேன்: 18 டிகிரி, 10 நிமிடம், 1.8. ஒத்துப்போனது.

கோணமானியை வைத்துச் சரிவை அளக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. முடியாது. அச்சின் அளவை மாற்றினால் தாளில் கோணம் மாறிவிடும், தண்ணீர் ஆறும் வேகம் மாறாது. அச்சுகளில் உள்ள எண்களைக் கொண்டுதான் வகுக்க வேண்டும். அப்போதுதான் ‘நிமிடத்துக்கு இத்தனை டிகிரி’ என்று அலகும் கூடவே வரும்.

இந்த 1.8 அந்தக் கணத்துக்கு மட்டும்தான். அதே வேகத்தில் போயிருந்தால் அடுத்த 10 நிமிடத்தில் 18 டிகிரி குறைந்திருக்கும். உண்மையில் குறைந்தது 14.5. 20-ஆவது நிமிடத்தில் வேறொரு தொடுகோடு வரைந்தேன். அது 0-இல் 74, 40-இல் 30 என்று காட்டியது, அதாவது நிமிடத்துக்கு −1.1.

இரண்டு வேகங்களும் கையில் வந்ததும் ஒன்று கண்ணில் பட்டது. 10-ஆவது நிமிடத்தில் தண்ணீர் அறையைவிட 36.5 டிகிரி கூடுதல். அதை 20-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1.8. 20-ஆவது நிமிடத்தில் 22 டிகிரி கூடுதல். அதையும் 20-ஆல் வகுத்தால் 1.1. அறையோடு உள்ள வித்தியாசம் எவ்வளவோ, அதற்கேற்ற வேகம்: நியூட்டனின் குளிர்வு விதி சொல்வதும் இதுதான். 0 நிமிடத்தில் கோட்டுக்கு ஒரு பக்கம்தான் இருப்பதால் அங்கே தொடுகோடு நம்பகமாக வராது. அங்கே 60-ஐ 20-ஆல் வகுத்து, நிமிடத்துக்கு 3 டிகிரி என்று வைத்துக்கொண்டேன். முதல் ஐந்து நிமிடச் சராசரி 2.7 என்பதால், தொடக்கத்தில் அதைவிடச் சற்று வேகம் என்பது பொருந்தியே வந்தது.